மூன்று வாரத் தாள்: ஒரு ஸ்லாப் சொல்லிக்கொடுத்த கணக்கு

தாம்பரத்துக்கு அப்பால் ஸ்டில்ட்டும் ஐந்து தளமும் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் எஞ்சினியராக இருந்தேன். ஒரு தளம் சுமார் 3,600 சதுர அடி. பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முதல் ஸ்லாப்பை ஒன்பது நாள் தாமதமாகத்தான் போட்டோம். அந்த ஒன்பது நாளும் மழையால் போகவில்லை. ஆள் பற்றாக்குறையோ பணத் தட்டுப்பாடோ இல்லை. கம்பி வந்திருந்தது, கம்பி கட்டுகிறவர்களும் இருந்தார்கள், ரெடிமிக்ஸுக்கும் சொல்லியாயிற்று. எலக்ட்ரீஷியன் மட்டும் வரவில்லை.

வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்லாப்பில் எலக்ட்ரிகல் பைப் கீழ்க் கம்பிக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் போகவேண்டும். கீழ்க் கம்பி கட்டி முடித்ததும் அவர் வந்து பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மேல் கம்பி. எங்கள் எலக்ட்ரீஷியன் அந்த வாரம் வேறொரு சைட்டில் இருந்தார். கம்பி ஆட்கள் கை கட்டி நிற்க முடியுமா? மேல் கம்பியையும் கட்டி முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்ட் வந்து பார்த்தபோது மொத்தமும் அழகாகக் கட்டிக் கிடந்தது, உள்ளே ஒரு பைப் கூட இல்லை. கான்கிரீட் போடலாம் என்று அனுமதிக்கும் போர் கார்டில் கையெழுத்துப் போடாமல் அவர் திரும்பிப் போனார்.

சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்த ரெடிமிக்ஸையும் பம்பையும் ரத்து செய்தோம். மேல் கம்பியை அங்கங்கே அவிழ்த்து, பைப் போட்டு, மறுபடி கட்ட இரண்டு நாள் ஆயிற்று. கன்சல்டன்ட் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் எங்கள் பக்கம் வருவார். செவ்வாயன்று அவர் வெளியூரில் இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்துச் சரி என்றார். அதற்குள் கம்பி ஆட்கள் பாதிப் பேர் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார்கள். ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் சனிக்கிழமை ஏற்கெனவே நிரம்பியிருந்தது, திங்கள்தான் கிடைத்தது.

அன்றும் எங்களிடம் மூன்று வாரத் திட்டம் ஒன்று இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் எக்செலில் போட்டு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். மெயின் ஷெட்யூலில் இருந்து அடுத்த இருபத்தொரு நாளை வெட்டி எடுத்து, வண்ணம் தீட்டிய தாள் அது. "எலக்ட்ரிகல் கண்டியூட், வியாழன்" என்று அதில் எழுதியும் இருந்தது. வியாழன் அன்று யார் வருவார், எத்தனை பேர், பைப் வாங்கியாயிற்றா, ஃபேன் பாக்ஸ் எந்த இடம் என்று ஆர்க்கிடெக்ட் வரைபடம் வந்துவிட்டதா என்று நான் கேட்கவே இல்லை. வரைபடமே வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எலக்ட்ரீஷியன் வேறு சைட்டுக்குப் போனதற்கு அதுதான் காரணம். "வரைபடம் இல்லாம நான் வந்து என்ன சார் பண்றது?" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை.

இப்படிப்பட்ட திட்டமிடலுக்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்காவில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும். 1990-களில் அவர்கள் உருவாக்கியதை லாஸ்ட் பிளானர் என்பார்கள். வேலையைக் கடைசியில் செய்விக்கிறவர் யாரோ அவர்தான் வாக்குக் கொடுக்க வேண்டும், வாக்குக் கொடுப்பதற்கு முன் அந்த வேலையைத் தடுக்கும் விஷயங்களை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் பெரும்பாலும் ஆறு வாரம் பார்ப்பார்கள். எங்கள் அளவுக் கட்டடத்துக்கு நான் மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஸ்லாப் வேலையில் எங்களுக்கு அதிக நாள் பிடிப்பது கம்பி. டீலரிடம் சொல்லி, வண்டி வந்து, மாதிரி வெட்டி லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் கைக்கு வர ஒன்பது பத்து நாள் ஆகும். அதற்குமேல் ஒரு வாரம் கையில் இருந்தால் போதும். இன்னொரு பக்கம், மூன்று வாரத்தைத் தாண்டி எந்த மேஸ்திரியும் இத்தனை ஆள் தருகிறேன் என்று உண்மையாகச் சொல்ல முடியாது. சொன்னால் அது நமக்காகச் சொல்வது. லிஃப்ட், அலுமினிய ஜன்னல் போன்றவற்றுக்கு மூன்று வாரம் போதாது. அவற்றைத் தனித் தாளில் வைத்தேன், இந்தத் தாளில் கலக்கவில்லை.

இரண்டாவது ஸ்லாப்புக்கு முறையை மாற்றினோம். சனிக்கிழமை மாலை நாலு மணி, சைட் ஆபீஸ். சென்ட்ரிங் மேஸ்திரி, கம்பி கேங்கின் தலைவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஸ்டோர்காரர் எல்லோரும் வரவேண்டும் என்றேன். சுவரில் பெரிய சார்ட் பேப்பர் ஒட்டி மூன்று வாரத்துக்குக் கட்டம் போட்டேன். இந்த முறை நான் எழுதவில்லை. அவரவர் வேலையை அவரவர் சொல்ல, ஒட்டும் சீட்டில் எழுதி ஒட்டினோம்.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஐந்து கேள்வி. வரைபடம் கையில் இருக்கிறதா? முன்வேலை முடிந்திருக்குமா? ஆள் யார், எத்தனை பேர்? பொருள் சைட்டில் இருக்குமா? யார் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும்? ஐந்துக்கும் ஆம் என்றால்தான் அந்தச் சீட்டு முதல் வாரத்துக்குள் வரலாம். இரண்டாம் வாரத்தில் இருக்கும் சீட்டில் ஏதாவது இல்லை என்றால், அதை யார் எந்தத் தேதிக்குள் சரி செய்வார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். மூன்றாம் வாரத்தில் இருப்பதைக் கேட்டு வைத்தால் போதும். முறை என்று பார்த்தால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒவ்வொரு கேள்வியையும் எவ்வளவு தூரம் தோண்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

ஸ்லாப்பின் அளவைச் சொல்லிவிடுகிறேன். பீமும் சேர்த்துக் கான்கிரீட் சுமார் 60 கன மீட்டர், அதாவது ஆறு கன மீட்டர் லாரியில் பத்து லோடு. கம்பி ஆறு டன். சென்ட்ரிங் பரப்பு, பீம் பக்கங்களையும் சேர்த்து, கிட்டத்தட்ட 480 சதுர மீட்டர். முதல் ஸ்லாப்பில் தினமும் எழுதி வைத்திருந்த கணக்குப்படி எங்கள் சென்ட்ரிங் கேங் ஆளுக்கு நாளைக்கு ஐந்து சதுர மீட்டர் அடிக்கும். பன்னிரண்டு பேர், எட்டு நாள். கம்பி ஆட்கள் ஆறு பேர். வெட்டி வளைத்துக் கட்ட ஆளுக்கு நாளைக்கு 200 கிலோ, ஆக ஐந்து நாள். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பீம் நிறைய இருந்தால், ஏற்ற இறக்கம் இருந்தால் எல்லாம் மாறும். அவரவர் சைட்டில் ஒரு ஸ்லாப்புக்கு எழுதி வைத்தாலே அடுத்த ஸ்லாப்புக்கான அளவு கிடைத்துவிடும்.

கான்கிரீட் போடும் நாளை மூன்றாம் வாரச் சனிக்கிழமை என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணினோம். கன்சல்டன்ட் வெள்ளிக்கிழமை வருவார். அதற்கு முதல் நாள் வியாழன் சும்மா இருக்கட்டும், மழைக்கும் விட்டுப்போனதற்கும். புதன் நாங்களே முழுவதும் பார்த்துவிட வேண்டும். அந்த வாரத் திங்கள், செவ்வாய் மேல் கம்பி. முந்தைய வாரம் புதன், வியாழன், வெள்ளி பீமும் கீழ்க் கம்பியும். சனிக்கிழமை முழுக்க எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும். அன்று கம்பி ஆட்கள் தரையில் மேல் கம்பிக்கு வெட்டி வளைத்துக்கொண்டிருப்பார்கள், மேலே ஏற மாட்டார்கள். அதற்கு முன்னால் எட்டு நாள் சென்ட்ரிங் என்றால், வருகிற திங்கட்கிழமையே தொடங்க வேண்டும்.

சீட்டுகளை ஒட்டி முடித்தபோது சரியாகத்தான் தெரிந்தது. கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதும் இரண்டு இடத்தில் இடித்தது.

முதல் இடி, நாங்கள் பொருள் என்றே நினைக்காத ஒரு பொருளில்: சென்ட்ரிங்கைத் தாங்கும் இரும்பு முட்டான ஜாக்கி. சென்ட்ரிங் மேஸ்திரியிடம் "ஜாக்கி இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "இருக்கு சார், கீழ நிக்குதே" என்றார். கீழே நிற்பது உண்மைதான். ஆனால் அது முதல் ஸ்லாப்பைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000-இன்படி, தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டருக்கு மேல் உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கும் 14 நாள், அதைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். இதுவும் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குச் சொன்னது. ஃப்ளை ஆஷ் கலந்த சிமென்ட் என்றால் இன்னும் கூடலாம், அதை ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரைத்தான் கேட்க வேண்டும். முதல் ஸ்லாப் ஒன்பது நாள் தள்ளிப் போனதால் அதன் பதினான்காம் நாள் சரியாக இந்தத் திங்களில் வந்து விழுந்தது. அங்கிருந்தே கன்சல்டன்ட்டுக்கு போன் செய்தேன். ஸ்லாப்புக்குக் கீழே இருப்பதை எடுக்கலாம், மேலே அடுத்த ஸ்லாப் போடும்வரை பீமுக்குக் கீழே இருப்பதைத் தொடாதீர்கள் என்றார். எண்ணிப் பார்த்தால் 80 ஜாக்கி குறைந்தது.

முன்பெல்லாம் இது எப்படித் தெரியவந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் மேஸ்திரி வந்து ஜாக்கி தீர்ந்துவிட்டது என்பார். அன்று பன்னிரண்டு பேர் சும்மா உட்கார்வார்கள், இல்லையென்றால் யாருக்கும் சொல்லாமல் பீம் முட்டில் நாலைந்தை உருவுவார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயம். ஸ்டோர்காரர் பெயரில் சீட்டு எழுதினோம்: "80 ஜாக்கி வாடகைக்கு, புதன் மாலைக்குள்." கீழே பீம் முட்டுகளுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். உருவினால் பார்த்தவுடன் தெரியும்.

இரண்டாவது இடி கம்பியில். ஸ்டோரில் இரண்டு டன்தான் இருந்தது. இரண்டாம் வாரப் புதன்கிழமை கட்டத் தொடங்க வேண்டும் என்றால் திங்களே வெட்ட வேண்டும். லேப் ரிப்போர்ட் இல்லாமல் வெட்டக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை. கம்பெனி தரும் டெஸ்ட் சர்டிபிகேட் மட்டும் போதாது. இனி ஆர்டர் செய்து, பன்னிரண்டு மீட்டர் கம்பி ஏற்றிய லாரி எங்கள் தெருவுக்குள் இரவில்தான் வர முடியும் என்பதையும் சேர்த்தால், செவ்வாய் இரவு வரும். புதன் மாதிரி போகும். ரிப்போர்ட் அடுத்த செவ்வாய். ஒரு நாள் இடிக்கிறது. கம்பி கேங்கின் தலைவர் பீகார்காரர், எட்டு வருடமாகச் சென்னையில் இருப்பவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அவர்தான் வழி சொன்னார். "இருக்கிற ரெண்டு டன் பழைய ரிப்போர்ட் உள்ளதுதானே சார்? பீம் கம்பி எது எதுன்னு குறிச்சுக் குடுங்க, அதை முதல்ல வெட்டறேன். புதுசு செவ்வாய் சாயங்காலம் வந்தாப் போதும்." ஸ்டோரில் எந்த அளவுக் கம்பி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, கம்பியை வெட்டி வளைக்கும் அளவுப் பட்டியலான பார் பெண்டிங் ஷெட்யூலில் அதற்குப் பொருந்திய பீம்களைக் குறித்துக் கொடுத்தேன். நான் மட்டும் அறையில் உட்கார்ந்து போட்டிருந்தால் ஸ்லாப்பை ஒரு நாள் தள்ளியிருப்பேன்.

ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தாள்களில் அது ஒரு ஓரத்தில் நட்சத்திரக் குறியாக மட்டும் இருக்கும். ஆய்வும் ஒரு வேலைதான். அதற்கும் ஆள் வேண்டும், வருகிறவருக்கு 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கும் பொருள் வேண்டும்: கடைசியாகத் திருத்திய வரைபடம், கம்பி ரிப்போர்ட், போர் கார்டு, ஏறிப் பார்க்க ஏணி. அதற்கும் நேரம் வேண்டும், பார்த்த பிறகு திருத்துவதற்கான அரை நாளையும் சேர்த்து. இதையெல்லாம்விட முக்கியமானது, ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு கதவு உண்டு, அது மூடிக்கொள்ளும். சென்ட்ரிங் லெவலைக் கம்பி பரப்புவதற்கு முன்தான் பார்க்க முடியும். கம்பி ஏறிய பிறகு 10 மில்லிமீட்டர் இறக்கம் தெரிந்தாலும் ஜாக்கியைத் திருகிச் சரிசெய்வது பெரும் பாடு. டாய்லெட்டில் தாழ்த்திப் போடும் சன்கன் ஸ்லாப்பின் ஆழமும் அப்படித்தான். பைப்பை மேல் கம்பிக்கு முன்தான் பார்க்க முடியும். அதனால் ஒரே ஆய்வு என்று இருந்ததை மூன்றாகப் பிரித்தோம். இரண்டாம் வாரச் செவ்வாய் மாலை லெவல், சனி மாலை பைப், இந்த இரண்டும் நானே பார்ப்பது. பிறகு வெள்ளி கன்சல்டன்ட். அடுத்த வேலையின் சீட்டில் முந்தைய ஆய்வின் கையெழுத்துக்குக் கட்டம் போட்டேன். பைப் பார்த்து நான் கையெழுத்துப் போடாமல் மேல் கம்பி ஏறாது.

வரைபடம் இந்த முறை முன்கூட்டியே வந்தது, ஏனென்றால் அதற்கும் ஒரு சீட்டு இருந்தது, அதில் என் பெயர் இருந்தது. செவ்வாய்க்குள் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு நேரில் போய் உட்கார்ந்து புதன் காலை வாங்கி வந்தேன்.

வேலை எப்படி நடந்தது என்றால், முதல் வாரம் நன்றாகப் போயிற்று. ஜாக்கி புதன் மாலைக்குப் பதிலாக வியாழன் காலை வந்தது, அதுவரை தாங்கியது. இரண்டாம் வாரம் சென்ட்ரிங் செவ்வாய் மதியம் முடிந்து, மாலை லெவல் பார்த்தபோது வடக்கு மூலையில் ஒரு இடம் இறங்கியிருந்தது, அரை மணி நேரத்தில் ஏற்றிவிட்டோம். கம்பி ரிப்போர்ட் செவ்வாய் மதியம் கைக்கு வந்தது. எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை மூன்று பேரோடு வந்தார். நான் பார்க்கப் போனபோது அவரோடு வந்த ஒரு தம்பி பைப் முனைகளையெல்லாம் மூடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒட்டாவிட்டால் கான்கிரீட் பால் உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ளும், பிறகு வயர் இழுக்க முடியாது.

மூன்றாம் வாரம் புதன் இரவு நல்ல மழை. வியாழன் காலை சென்ட்ரிங் மேல் சேறும் இலையும் தேங்கிய நீரும். சும்மா விட்டிருந்த அந்த ஒரு நாள் முழுவதும் கழுவித் துடைப்பதிலேயே போயிற்று. இந்த நாளை ஓனர் "எதுக்கு சார் காலியா விட்டிருக்கீங்க?" என்று கேட்டிருந்தார். செப்டம்பர் கடைசியில் சென்னையில் இப்படி ஒரு நாள் விடாமல் ஸ்லாப் தேதி கொடுக்க எனக்கு மனம் வராது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கன்சல்டன்ட் வந்தார். பெரும்பாலும் சரி என்றார், ஒரு இடத்தில் நின்றுவிட்டார். பால்கனி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப்பில் பாரத்தைத் தாங்குவது மேல் கம்பிதான். கழுவ ஏறியவர்கள் மிதித்ததில் அந்த மேல் கம்பி இரண்டு அங்குலம் வரை கீழே அமுங்கியிருந்தது. பார்வைக்குக் கம்பி இருக்கிறது, எண்ணிக்கையும் சரி, ஆனால் அது அந்த இடத்தில் இருந்து பயனில்லை. அப்படியே கான்கிரீட் போட்டிருந்தால் பால்கனி வேரோடு விரிசல் விட்டிருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். கம்பி ஆட்கள் இன்னும் சைட்டில் இருந்தார்கள். மேல் கம்பியை நாற்காலி போலத் தாங்கும் சேர் கம்பிகளை ஒரு மீட்டருக்கு ஒன்று என்று நெருக்கி வைத்துத் தூக்கிக் கட்டினார்கள். மூன்று மணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன், கையெழுத்து வந்தது. நாலு மணிக்கு ரெடிமிக்ஸை உறுதி செய்தோம். கம்பி ஆட்களை ஆய்வு முடியும்வரை அனுப்பக் கூடாது, கான்கிரீட் போடும்போதும் இரண்டு பேராவது மேலே நிற்க வேண்டும் என்று அன்றிலிருந்து தாளில் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் ஆரம்பிக்க வேண்டும் என்று ஓனர் கேட்டிருந்தார். தாளில் அதுவும் இருந்தது. ஏழே காலுக்கு முதல் லோடு பம்பில் விழுந்தது.

விட்டுப்போனதும் ஒன்று உண்டு. கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க, 60 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456 கணக்குப்படி ஐந்து மாதிரி எடுக்க வேண்டும். மாதிரிக்கு மூன்று கியூப் என்றால் 28 நாள் சோதனைக்கே 15 அச்சு வேண்டும், ஏழாம் நாள் சோதனைக்கு இன்னும் கூடுதலாக. ஸ்டோரில் இருந்தது ஒன்பது. ஆறாவது லோடின்போதுதான் கவனித்தேன். பக்கத்து சைட்டில் கெஞ்சி வாங்கி வந்து ஒப்பேற்றினோம். பொருள் என்றால் கட்டடத்துக்குள் போவது மட்டும் என்று நினைத்திருந்தோம், சோதனைக்கான பொருளைக் கேட்கவே இல்லை. அடுத்த தாளில் "சோதனைச் சாமான்" என்று ஒரு வரி சேர்ந்தது.

இதற்குப் பிறகு வேறு சைட்களின் மூன்று வாரத் தாளைப் பார்க்கும்போது அது உண்மையா என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். எல்லா வேலையும் வாரா வாரம் ஒரே அளவு நாள் தள்ளிக்கொண்டே போனால், அது மெயின் ஷெட்யூலில் இருந்து வெட்டி ஒட்டியது. மூன்று வாரமாக ஒரு வேலை "அடுத்த வாரம்" கட்டத்திலேயே இருந்தால், அதைத் தடுப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு கேள்விக்குறி கூட இல்லை என்றால் மேஸ்திரிகள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

வாரக் கடைசியில் சொன்னதில் எத்தனை நடந்தது என்று எண்ணுவோம். நடக்காததற்குக் காரணத்தை மட்டும் எழுதுவோம், யார் மேலும் சத்தம் போட மாட்டோம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு தடவை சத்தம் போட்டாலும் அடுத்த சனிக்கிழமை யாரும் உண்மையான ஆள் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது ஸ்லாப்புக்கான கூட்டத்தில் கம்பி கேங் தலைவரிடம், தீபாவளியை அடுத்து வரும் பீகார் பண்டிகையைச் சொல்லி, "சத் பூஜைக்கு ஊருக்குப் போவீங்களா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், "போனாலும் ஆள் இருப்பாங்க சார்" என்றுதான் பதில் வரும். "டிக்கெட் எந்தத் தேதிக்கு?" என்று கேட்டேன். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது, போகிறவர்கள் அன்றே எடுத்துவிடுவார்கள். அவர் போனை எடுத்துக் காட்டினார். ஆறு பேரில் நாலு பேருக்கு, தீபாவளிக்கு மறுநாள் சென்ட்ரலில் இருந்து. திரும்புவதற்கு டிக்கெட் இல்லை. சுவரில் இருந்த கம்பிச் சீட்டுகளை எல்லாம் எடுத்து நாலு நாள் முன்னால் ஒட்டினோம். அப்புறம் சென்ட்ரிங் மேஸ்திரி பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே ஜாக்கியை எண்ணிக்கொண்டிருந்தார்.